லோகோ வரைவதற்கு முன் பேசி முடிக்க வேண்டியவை



நம் கூட்டமைப்பில் தேயிலைத் தூள், வர்க்கி, ஜாம், சாக்லேட், மெழுகுவர்த்தி என்று பாக்கெட் போட்டு விற்கும் குழுக்கள் பல இருக்கின்றன. பாக்கெட் போட ஆரம்பித்த உடனே வரும் முதல் கேள்வி, "மேலே என்ன சின்னம் போடறது?" என்பதுதான். அந்தச் சின்னத்தைத்தான் லோகோ என்கிறோம். இன்னொரு பக்கம், கம்ப்யூட்டரில் படம் வரையக் கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்தே கடைகளுக்கும் குழுக்களுக்கும் லோகோ செய்து கொடுக்கும் பெண்களும் நம் எஸ்டேட் லைன்களிலும் ஹட்டிகளிலும் இருக்கிறார்கள்.

வேலை கொடுப்பவரும் நம்மவர், செய்பவரும் நம்மவர். ஆனாலும் மனஸ்தாபம் வந்துவிடுகிறது. குழு சொல்வது: "காசு கொடுத்தும் நாங்க கேட்டது வரலை." வரைபவர் சொல்வது: "பத்து தடவை மாத்திட்டேன், இன்னும் காசு வரலை." களத்தில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தால், படம் நன்றாக இல்லை என்பதால் வந்த சண்டை குறைவு. எதைச் செய்வது, எத்தனை முறை மாற்றுவது, கடைசியில் எதைக் கையில் கொடுப்பது என்று முதலிலேயே பேசாததால் வந்த சண்டைதான் அதிகம். எனவே லோகோ வேலையை ஆரம்பம் முதல் முடிவு வரை படிப்படியாகப் பார்ப்போம். வேலை கொடுக்கும் குழுவுக்கும், வரையும் பெண்ணுக்கும் இது பொதுவானது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம்

கோத்தகிரி பக்கம் 12 பேர் கொண்ட ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். தேயிலைத் தூளை மொத்தமாக வாங்கி 100 கிராம், 250 கிராம் பாக்கெட்டுகளாகப் போடுகிறார்கள். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் பிரவுன் பேப்பர் கவர்தான். அதில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் ஒரே நிறத்தில் அச்சடிக்கப் போகிறார்கள். லோகோ செய்ய, எஸ்டேட்டில் வளர்ந்த ஒரு பெண்ணிடம் 3,000 ரூபாய்க்குப் பேசுகிறார்கள். இந்தத் தொகை கணக்கு புரிவதற்காகச் சொல்வது. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

லோகோ வேறு, லேபிள் வேறு

முதல் குழப்பமே இங்கேதான். லோகோ என்பது பெயரும் அதோடு சேர்ந்த சின்னமும் மட்டும். எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி, உணவுப் பாதுகாப்புத் துறையின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) முத்திரை, அதன் கீழே வரும் 14 இலக்க எண் இவையெல்லாம் லேபிளைச் சேர்ந்தவை. "லோகோ போட்டுக் கொடு" என்று 3,000 ரூபாய்க்குப் பேசிவிட்டு, கடைசியில் "பாக்கெட் முழுசும் போட்டுக் கொடுப்பேன்னு நினைச்சோம்" என்றால் அது இரண்டு வேலையை ஒரு விலையில் கேட்பதாகும். லேபிளும் வேண்டும் என்றால் முதலிலேயே தனி வேலையாக, தனி விலையாகப் பேசிக்கொள்ளுங்கள்.

முதல் படி: கேள்விப் படிவம்

நல்ல வேலைக்காரர் வந்த உடனே கம்ப்யூட்டரைத் திறக்க மாட்டார். முதலில் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, குழுவிடம் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குவார். வாயால் சொன்னது ஆளுக்கு ஒரு விதமாக நினைவில் இருக்கும். எழுதினது மாறாது.

கேள்விகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் போதும்:

1. பொருள் எது? பெயர் எது? பெயர் தமிழிலா, ஆங்கிலத்திலா, இரண்டிலுமா? எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து எழுதவும்.
2. வாங்குபவர் யார்? எங்கே நின்று வாங்குகிறார்?
3. பக்கத்தில் விற்கும் மற்றவர்களிடமிருந்து உங்கள் பொருளில் என்ன வித்தியாசம்?
4. லோகோ எதிலெல்லாம் வரும்? கவர், ரப்பர் ஸ்டாம்ப், பேனர், துணிப் பை, போன்?
5. எத்தனை நிறத்தில் அச்சடிக்க முடியும்?
6. நிச்சயமாக வேண்டாம் என்பது ஏதாவது உண்டா?
7. குழு சார்பில் முடிவு சொல்லப் போகும் நபர் யார்?
8. எந்தத் தேதிக்குள் வேண்டும்?

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். நம் மலையில் தேயிலை விற்கும் கடை எதில் போய் நின்றாலும் பத்துப் பாக்கெட்டில் எட்டில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்கும். பின்னால் ஒரு மலை, அதன் மேல் ஒரு சூரியன். நம் குழுவும் அதையே போட்டால் அந்த வரிசையில் நம் பாக்கெட் கண்ணில் படாது. ஆனால் "என்ன சின்னம் வேணும்?" என்று நேராகக் கேட்டால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது அந்த இரண்டு இலைதான். அதனால்தான் படிவத்தில் "என்ன படம் வேண்டும்" என்ற கேள்வியே இல்லை. வாங்குபவரையும் பொருளையும் பற்றிக் கேட்டால், படத்துக்கான வழி அந்தப் பதிலுக்குள்ளேயே கிடைத்துவிடும்.

நம் உதாரணக் குழு எழுதிய பதில்: "ரோட்டோரக் கடையில் வண்டி நிறுத்தி வாங்கும் டூரிஸ்டுகள். வித்தியாசம் என்னவென்றால், நாங்கள் 12 பேரும் கொழுந்து பறிக்கிறவர்கள். பறிக்கிறவர்களே பாக்கெட் போட்டு விற்கிறோம்." இந்த ஒரு வரி போதும். வரைபவருக்கு இலையை விட்டு, பறிக்கும் கையைப் பற்றி யோசிக்க வழி கிடைத்துவிட்டது.

ஆறாவது கேள்வியில் நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. நான்கு சிங்கம் உள்ள அரசு முத்திரையை யாரும் தம் லோகோவில் போடக்கூடாது. 2005-ல் வந்த சட்டம் அதைத் தடுக்கிறது. நீலகிரித் தேயிலைக்கென்று தேயிலை வாரியம் வைத்திருக்கும் முத்திரையை அனுமதி இல்லாமல் போடக்கூடாது, அதைப் போல வரையவும் கூடாது. தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிவப்பு கருப்புப் பூ வேலை பார்க்க அழகாக இருக்கிறது என்று, தோடர் மக்களுக்குத் தொடர்பில்லாத குழு தன் டீ பாக்கெட்டின் ஓரத்தில் போட்டால் அது அவர்கள் அடையாளத்தை எடுத்துக்கொள்வதாகும். வாங்குபவரையும் ஏமாற்றுவதாகும்.

இரண்டாம் படி: மூன்று மாதிரிகள்

பதில் கிடைத்த பிறகு வரைபவர் தாளில் பென்சிலால் இருபது, முப்பது கிறுக்கிப் பார்ப்பார். அதில் தேறிய மூன்றை மட்டும் சுத்தமாக வரைந்து குழுவிடம் காட்டுவார். மூன்று என்பது நல்ல எண்ணிக்கை. ஒன்று மட்டும் காட்டினால் ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. பத்து காட்டினால் ஆளுக்கு ஒன்று பிடித்து, கூட்டம் முடியாது.

மூன்றும் ஒன்றுக்கொன்று வேறு யோசனையாக இருக்க வேண்டும். ஒரே கூடையை மூன்று நிறத்தில் காட்டுவது மூன்று மாதிரி ஆகாது. நம் உதாரணத்தில் வந்தவை:

முதலாவது, படமே இல்லாமல் பெயர் மட்டும். கடைசி எழுத்தின் சுழி டீயின் ஆவி போல மேலே போகிறது.

இரண்டாவது, முதுகில் கூடை மாட்டிய பெண்ணின் நிழல் உருவம். கூடையின் பட்டை நெற்றியில் மாட்டியிருக்கிறது.

மூன்றாவது, கொழுந்தைப் பிடித்த இரண்டு விரல்கள்.

மூன்றையும் கருப்பு வெள்ளையில்தான் காட்ட வேண்டும். நிறத்தோடு காட்டினால் பேச்சு முழுக்க "பச்சையா, மெரூனா" என்று போய்விடும். உருவத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். மேலும் நம் கவரில் ஒரே நிறம்தான் அச்சாகப் போகிறது. கருப்பில் நிற்காத படம் பச்சையிலும் நிற்காது.

மாதிரி பார்க்கும்போது "எனக்குப் பிடிச்சிருக்கு, பிடிக்கலை" என்று ஆரம்பிக்காதீர்கள். மூன்று சோதனை செய்து பாருங்கள். ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சின்னதாக அச்செடுத்து, பெயரைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். ரப்பர் ஸ்டாம்பில் அந்த அளவுக்குத்தான் வரும். இரண்டு, வெட்டி எடுத்து பிரவுன் கவரில் ஒட்டி, கடையில் மற்ற பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்து ஆறேழு அடி தள்ளி நின்று பாருங்கள். மூன்று, குழுவில் இல்லாத ஒருவரிடம் பத்து நொடி காட்டி மறைத்துவிட்டு, "என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள்.

நம் குழுவில் விரல் படம் இரண்டு சென்டிமீட்டரில் என்னவென்றே தெரியவில்லை. "இஞ்சியா அக்கா?" என்று கேட்டாள் பக்கத்துக் கடைப் பெண். அது போயிற்று. கூடைப் படத்துக்கு ஒரு எதிர்ப்பு வந்தது. "இப்ப யாரு கூடை போடறா? கத்திரியும் சாக்குப் பையும்தானே!" உண்மைதான். ஆனால் இன்னொரு அக்கா படிவத்தை எடுத்துக் காட்டினார்: "வாங்கறது டூரிஸ்ட்னு நாமதானே எழுதிக் கொடுத்தோம்? அவங்களுக்குக் கூடையைப் பார்த்தாத்தான் கொழுந்து பறிக்கறவங்கன்னு புரியும்." கூடை முடிவானது. படிவம் இல்லாவிட்டால் இந்தப் பேச்சு குரல் பெரிதாக இருப்பவர் பக்கம்தான் போயிருக்கும்.

தேர்வான மாதிரியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, மாதிரியின் அச்சையும் அதில் ஒட்டி, கையெழுத்துப் போடுங்கள். பெயரைப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், வணிக முத்திரைப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் அதே பெயர் தேயிலைக்கு முன்பே யாரிடமாவது இருக்கிறதா என்று இந்த நேரத்திலேயே தேடிவிடுங்கள். தேயிலை 30-ம் வகுப்பில் வரும். கவர் அச்சடித்த பிறகு தெரிந்தால் கவர் முழுதும் வீண்.

மூன்றாம் படி: எத்தனை தடவை மாற்றலாம்?

சண்டை பிறக்கும் இடம் இதுதான். எனவே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் உதாரணத்தில் வரைபவருக்குக் கேள்வி பேச 3 மணி நேரம், மூன்று மாதிரிக்கு 12 மணி நேரம், இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு 4 மணி நேரம், கடைசிக் கோப்புகளுக்கு 3 மணி நேரம், போன் பேச்சுக்கு 2 மணி நேரம். மொத்தம் 24 மணி நேரம். 3,000 ரூபாயை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 125 ரூபாய். இப்போது திருத்தம் இரண்டு சுற்றுக்குப் பதில் எட்டு சுற்று போகிறது என்று வையுங்கள். இன்னும் 12 மணி நேரம் கூடி 36 ஆகிறது. மணிக்கு 83 ரூபாய்தான். அதே பணத்துக்கு ஒன்றரை மடங்கு வேலை. அந்தப் பெண் சலித்துப்போய் கடைசி வேலையை அரைகுறையாக முடிப்பாள். நஷ்டம் குழுவுக்கும்தான்.

எனவே "தேர்வான மாதிரியில் இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் 300 ரூபாய்" என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் சுற்று என்றால் என்ன என்பதையும் எழுதாவிட்டால் இந்த வரியால் பயனில்லை.

ஒரு சுற்று என்பது ஒரு பட்டியல். குழு கூடிப் பேசி, வேண்டிய மாற்றங்களை எல்லாம் ஒரே தாளில் எழுதி, படிவத்தின் 7-ம் கேள்வியில் சொன்ன நபர் மூலமாக மட்டும் கொடுப்பது. அதில் மூன்று மாற்றம் இருந்தாலும் ஏழு இருந்தாலும் ஒரே சுற்றுதான். காலையில் தலைவி போன் செய்து "எழுத்தைப் பெரிசாக்கு" என்று சொல்லி, சாயங்காலம் செயலாளர் "எழுத்து ரொம்ப பெரிசு" என்று சொன்னால், இரண்டு சுற்றும் ஒரே நாளில் தீர்ந்தது என்றுதான் அர்த்தம்.

எது திருத்தம், எது புது வேலை என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். அளவு, இடம், கோட்டின் தடிமன், எழுத்தின் வகை, நிறம் இவற்றை மாற்றுவது திருத்தம். கூடையை எடுத்துவிட்டு யானை போடச் சொல்வது புது மாதிரி. பெயரையே மாற்றுவதும் புது வேலை. குழு படிவத்தில் சரியாக எழுதிக் கொடுத்த பெயரை வரைபவர் தப்பாகப் போட்டிருந்தால் அதைச் சரி செய்வது எந்தச் சுற்றிலும் சேராது. அது அவர் பொறுப்பு.

பட்டியல் எழுதும்போது குறையைச் சொல்லுங்கள், மருந்தை அவரிடம் விடுங்கள். "இன்னும் நல்லா வரணும்" என்றால் யாராலும் செய்ய முடியாது. "ஸ்டாம்ப் அளவில் நெற்றிப் பட்டை தெரியவில்லை" என்றால் செய்யலாம்.

நம் குழுவின் முதல் சுற்றுப் பட்டியல் இப்படி இருந்தது: ஸ்கிரீன் பிரிண்டில் பட்டை உடைந்து வருகிறது. தமிழ்ப் பெயர் மேலே, ஆங்கிலம் கீழே வேண்டும். கூடைக்கும் முதுகுக்கும் நடுவே இடைவெளி அடைபட்டு ஒரே மொத்தையாக இருக்கிறது. வரைபவர் பட்டையைத் தடிமனாக்கினார். பிரவுன் பேப்பர் சொரசொரப்பானது. அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடு அதில் சரியாக விழுவதில்லை. கூடைக்கும் முதுகுக்கும் நடுவே வெள்ளை இடைவெளியை அகலப்படுத்தினார்.

இரண்டாவது சுற்று நிறம். குழு கேட்டது இளம்பச்சை. வரைபவர் பிரவுன் கவரிலேயே அச்செடுத்துக் காட்டினார். வெள்ளைத் தாளில் பளிச்சென்று இருந்த பச்சை, பிரவுனில் மங்கிச் சேறு போல இருந்தது. கரும்பச்சை முடிவானது. நிறத்தை எப்போதும் அச்சாகப் போகும் தாளிலேயே பாருங்கள். போன் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இதற்கு மேல் ஒரு உறுப்பினர், "என் பையன் சொல்றான், ஓரத்துல ரெண்டு இலை போட்டா நல்லாயிருக்குமாம்" என்றார். இரண்டு சுற்று முடிந்துவிட்டது, இனி 300 ரூபாய் என்று தாளில் இருந்ததால் குழுவே யோசித்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டது. சுற்றுக்கு எல்லை வைப்பதன் பலன் இதுதான். தேவையான மாற்றம் எது, போகிற போக்கில் சொன்ன மாற்றம் எது என்று குழுவே பிரித்துப் பார்க்கிறது.

நான்காம் படி: கையில் வாங்க வேண்டிய கோப்புகள்

லோகோ முடிந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்ததும் வேலை முடிந்தது என்று பல குழுக்கள் பணத்தைக் கொடுத்துவிடுகின்றன. ஆறு மாதம் கழித்து கண்காட்சிக்குப் பேனர் அடிக்கும்போதுதான் கஷ்டம் தெரியும்.

கம்ப்யூட்டர் படத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று புள்ளிகளால் ஆனது. கிராஸ் ஸ்டிச் தையல் மாதிரி, இத்தனை கட்டம் என்று எண்ணி வைத்தது. பெரிதாக்கினால் கட்டம்தான் பெரிதாகும், ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். இன்னொன்று கோடுகளால் ஆனது. டெய்லர் வைத்திருக்கும் அளவுக் குறிப்பு மாதிரி. அதை வைத்துக் குழந்தைக்கும் வெட்டலாம், பெரியவருக்கும் வெட்டலாம். இதை வெக்டர் கோப்பு என்பார்கள்.

கணக்காகப் பாருங்கள். நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 600 புள்ளி அகலமுள்ள படம் இரண்டு அங்குலத்துக்குத் தெளிவாக வரும். அதையே ஆறு அடி பேனரில், அதாவது 72 அங்குலத்தில் விரித்தால் அங்குலத்துக்கு எட்டுப் புள்ளிதான் கிடைக்கும். தூரத்தில் நின்று பார்த்தாலும் கலங்கித்தான் தெரியும். வெக்டர் கோப்பு இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

எனவே கடைசித் தவணை கொடுக்கும் முன் கீழ்க்கண்ட கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள்:

```
logo-niram.svg
logo-niram.pdf
logo-karuppu.svg
logo-karuppu.pdf
logo-vellai.png
logo-niram.png
logo-niram.jpg
```

முதல் நான்கும் வெக்டர். அச்சகத்துக்கும் பேனர் கடைக்கும் ஸ்டாம்ப் செய்பவருக்கும் இவற்றில் ஒன்றைக் கொடுங்கள். `png` கோப்பில் பின்னணி இருக்காது. எந்த நிறத்தின் மேலும் வைக்கலாம். வெள்ளை லோகோ, கருமையான துணிப் பைக்கும் போர்டுக்கும் உதவும். `jpg` போனில் அனுப்ப மட்டும். இவற்றோடு நிறத்தின் எண்களை எழுதிய ஒரு தாளும் வேண்டும். அச்சுக்கு ஒரு எண், திரைக்கு ஒரு எண். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அச்சடிக்கும்போதும் ஒவ்வொரு பச்சை வரும்.

உண்மையான வெக்டர்தானா என்று நீங்களே பார்க்கலாம். `pdf` கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து 800 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். ஓரம் கத்தியால் வெட்டினது போல இருந்தால் சரி. படிக்கட்டு தெரிந்தால், புள்ளிப் படத்தையே உள்ளே ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. அச்சகங்களில் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. வரைபவர் உபயோகித்த எழுத்துரு அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் நம் பெயர் ஆங்கில எழுத்தும் கமாவுமாகக் கலந்து தெரியும். அதைத் தவிர்க்க, கொடுக்கும் முன் எழுத்தைப் படக் கோடாக மாற்றிவிட வேண்டும். கோரல் டிராவில் `Ctrl+Q`, இலவசமாகக் கிடைக்கும் இன்க்ஸ்கேப்பில் `Path > Object to Path`. மாற்றிய பிறகு எழுத்தைத் திருத்த முடியாது என்பதால், மாற்றாத பிரதி ஒன்றை வரைபவர் தனியாக வைத்திருப்பது நல்லது.

கோப்புகளை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமெண்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். பென் டிரைவில் ஒரு பிரதி குழுவிடமும், ஈமெயிலில் ஒரு பிரதியும் இருக்கட்டும். ஒருவர் போனில் மட்டும் இருந்தால், அந்தப் போன் போனால் லோகோவும் போச்சு.

லோகோ யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்துவிட்டோம், அதனால் நமக்குத்தான் சொந்தம் என்று நினைக்கிறோம். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காமல் தனியாக வரைந்து கொடுப்பவர் விஷயத்தில் உரிமை பொதுவாக வரைந்தவரிடமே தொடங்குகிறது. அது நம் பெயருக்கு மாற வேண்டுமானால் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். இன்னும் ஒன்று. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடத்துக்கு மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எனவே "பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்" என்ற வார்த்தைகள் தாளில் கட்டாயம் வேண்டும்.

நம் ரூபாய்ச் சின்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் மத்திய நிதி அமைச்சகம் போட்டி அறிவித்தது. ஐந்து வடிவங்கள் கடைசிச் சுற்றுக்கு வந்தன. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வரைந்தது 2010 ஜூலை 15-ல் ஏற்கப்பட்டது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அதற்கு ஈடாகப் பதிப்புரிமையை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது போட்டி விதியிலேயே முன்கூட்டி எழுதப்பட்டிருந்தது. அரசாங்கமே முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் வரையச் சொன்னது.

வரையும் பெண் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. முழுப் பணம் வந்த பிறகுதான் உரிமை மாறும் என்று எழுதிக்கொள்ளலாம். தேர்வாகாத இரண்டு மாதிரிகளும் அவருக்கே சொந்தம். குழு அவற்றை வேறு பொருளுக்கு எடுத்துப் போடக்கூடாது.

ஒரு பக்க ஒப்பந்தம்

மேலே சொன்னதெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். நம் உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

*வேலை: தேயிலைத் தூளுக்கு லோகோ மட்டும். லேபிள் இதில் சேராது. தொகை 3,000 ரூபாய். முன்பணம் 1,200, மாதிரி தேர்வானதும் 900, கோப்புகளைச் சோதித்ததும் 900. கருப்பு வெள்ளையில் மூன்று மாதிரிகள், படிவம் கிடைத்த 10 நாளில். தேர்வானதில் இரண்டு சுற்றுத் திருத்தம். ஒரு சுற்று என்பது குழுவின் பொறுப்பாளர் எழுத்தில் கொடுக்கும் ஒரு பட்டியல். கூடுதல் சுற்று ஒன்றுக்கு 300 ரூபாய். குழு ஒவ்வொரு முறையும் 7 நாளில் பதில் சொல்லும். மாதிரி பார்த்த பின் குழு வேலையை நிறுத்தினால் முன்பணம் திரும்பாது. வரைபவர் நிறுத்தினால் முன்பணத்தைத் திருப்பித் தருவார். இறுதிக் கோப்புகள் ஏழும் நிறக் குறிப்பும். முழுத் தொகை கிடைத்ததும் லோகோவின் பதிப்புரிமை, அதன் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் குழுவுக்கு மாறும்.*

இரண்டு பிரதி எடுத்து இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒன்றைத் தீர்மானப் புத்தகத்தோடு வையுங்கள். குழுவுக்குள் லோகோ பற்றிய எந்தப் பேச்சு வந்தாலும், முதலில் அந்தத் தாளைப் படித்துவிட்டுப் பிறகு பேச ஆரம்பியுங்கள். ஏற்கெனவே லோகோ வைத்திருக்கும் குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் இரண்டு விஷயத்தை மட்டும் பாருங்கள்: வெக்டர் கோப்பு கையில் இருக்கிறதா? உரிமை மாற்றிய தாள் இருக்கிறதா? இல்லையென்றால், வரைந்தவர் அருகிலேயே இருக்கும்போது இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு தேடுவது கஷ்டம்.